'பார்க்கலாம்' என்று சொன்னதால் வந்த வினை

என் கணவரின் தம்பி கரூரில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவர். மேசை விரிப்பும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பன்னிரண்டு தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு ஜெனரேட்டர், ஆறு மாத வாடகை, கூலி என்று கணக்குப் போட்டு, ஒரு வங்கியில் 18 லட்ச ரூபாய் கடன் கேட்டிருந்தார். மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரின் ஜாமீன் வேண்டும் என்று வங்கியில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்குபவள் நான் ஒருத்திதான். ஈரோட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்குச் சொந்தமாக இருசக்கர வாகன உதிரிபாகக் கடை.

ஒரு வியாழக்கிழமை மாலை, நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கணவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "தம்பி கடனுக்கு உன் கையெழுத்து ஒண்ணு வேணுமாம் கண்ணு, போட்டுரலாமல்ல?" என்று கேட்டார். எனக்கு அந்த நொடியிலேயே விருப்பமில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லால் வந்த தொல்லையையும், பின்னர் மறுப்பை எப்படிச் சொன்னேன் என்பதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பொறுத்தவரை 'பார்க்கலாம்' என்றால் வேண்டாம் என்று பொருள். என் அம்மா வீட்டில் அது அப்படித்தான் புழங்கியது. புதுத்துணி கேட்டால் "பார்க்கலாம்", சுற்றுலா கேட்டால் "பார்க்கலாம்", அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் என் கணவர் வளர்ந்த வீட்டில், அவருடைய அப்பா 'பார்க்கலாம்' என்றால் ஒரு வாரத்தில் காரியம் நடக்கும் என்று பொருள். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும், இந்தச் சொல்லை நாங்கள் இருவரும் இரு வேறு பொருளில் பயன்படுத்துகிறோம் என்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அன்றிரவே அவர் தம்பியிடம் போனில் "அண்ணி சரின்னுட்டா" என்று சொல்லிவிட, மறுநாளே தம்பி பழைய மெஷின் விற்கும் ஒருவரிடம் 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார்.

இதற்கு என் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'இல்லை' என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று சொல்லச் சொல்லித் தந்தார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் "விளக்கை அமர்த்து" என்று சொல்லும் நயமான பழக்கம் அது. பொருள்களின் விஷயத்தில் அது அழகுதான். ஆனால் நம்மிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் மனிதரிடம் அதே நயத்தைக் காட்டினால், அவர் கையில் விடை எதுவும் மிஞ்சுவதில்லை; தமக்குப் பிடித்த விடையை அவரே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வங்கிப் படிவம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் யாரோ பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். மொத்தம் ஏழு இடம். அந்தக் குறிகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போதும் நான் நேராகச் சொல்லவில்லை. காரணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"நம்ம வீட்டுக் கடனுக்கே மாசம் 19,500 போகுதுங்க" என்றேன். "அதை ரெண்டு வருஷத்துக்குக் கடை வருமானத்துல நான் கட்டிக்கிறேன்" என்றார். "பாப்பாவுக்கு அடுத்த வருஷம் காலேஜ் செலவு இருக்கு" என்றேன். "படிப்புக் கடன் வாங்கிக்கலாம்" என்றார். "இதுக்கெல்லாம் ஸ்கூல்ல அனுமதி வாங்கணும், தலைமையாசிரியர் ஒத்துக்க மாட்டார்" என்றேன். இது அந்த நேரத்துக்கு நானாகச் சொன்ன பொய். இரண்டு நாளில், என்னோடு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரைக் கடைத்தெருவில் பார்த்தபோது என் கணவர் இயல்பாக விசாரித்திருக்கிறார். அப்படி எந்தத் தடையும் இல்லை என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிரவு எங்களுக்குள் நடந்த சண்டை ஜாமீனைப் பற்றியதே அல்ல. நான் ஏன் பொய் சொன்னேன் என்பதைப் பற்றியது. கையெழுத்தை மறுக்க எனக்கிருந்த நியாயமும் அந்தப் பொய்யோடு சேர்ந்து போய்விட்டது.

இதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாம் ஒரு காரணம் சொல்லும்போது, கேட்பவர் அதைத் தீர்க்க வேண்டிய சிக்கலாக எடுத்துக்கொள்கிறார். அன்பு உள்ளவராக இருந்தால் இன்னும் சுறுசுறுப்பாகத் தீர்ப்பார். என் கணவர் ஒவ்வொரு காரணத்துக்கும் வழி சொன்னது என்னை மடக்குவதற்காக அன்று. 'இவளுக்கு இதுதான் தடை போலிருக்கிறது, இதை நீக்கிவிட்டால் சரி' என்று அவர் உண்மையாகவே நம்பினார். மூன்று தடைகளையும் அவர் நீக்கிய பிறகும் நான் மறுத்தபோது, இவள் சொன்ன மூன்றுமே சாக்கு என்று தோன்றியதில் வியப்பில்லை. ஐந்து சின்னக் காரணங்களைச் சொல்வதைவிட, எவராலும் தீர்த்துவைக்க முடியாத ஒரே ஓர் உண்மைக் காரணத்தைச் சொல்வதே இருவருக்கும் மரியாதை என்பதை அந்தச் சண்டைக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் அப்படி ஒரு காரணம் இருந்தது. அதை நான் இத்தனை ஆண்டுகளாக என் கணவரிடம் முழுமையாகச் சொன்னதில்லை. என் அப்பாவும் ஆசிரியர்தான். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டார். நண்பர் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட, தவணை முழுவதும் அப்பாவின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் அது ஓடியது. அம்மாவின் கழுத்தில் இருந்த இரட்டைவடச் சங்கிலி அந்த நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு நாள் காணாமல் போய், மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "அப்பா ஒருமுறை ஜாமீன் போட்டு ஏமாந்தார்" என்று ஒற்றை வரியில் கணவரிடம் சொல்லியிருந்தேனே தவிர, அந்தத் திண்ணையைப் பற்றிச் சொன்னதில்லை.

ஜாமீன் என்றால் சட்டப்படி என்ன என்பதை வணிகவியல் பாடத்தில் ஆண்டுதோறும் நானே நடத்துகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு. பலர் நினைப்பதுபோல, முதலில் கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வங்கி ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடன் கொடுத்து முடிந்த பிறகு, 'எனக்கு இப்போது விருப்பமில்லை' என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளவும் இயலாது. தொடர்ந்து 90 நாள் தவணை நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். ஜாமீன்தாரரின் கடன் அறிக்கையிலும் அது தெரியும். 18 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் 39,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். என் கைக்கு வருவது 52,000. வீட்டுக் கடன் போக மிச்சம் 32,500. ஒரு நெருக்கடி வந்தால் அந்த மிச்சம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

ஆனால் இந்தக் கணக்கை மறுப்புக்குக் காரணமாக முன்வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கணக்கைச் சொன்னால் அவர் கணக்கிலேயே விடை சொல்வார். "தம்பி கட்டாம விடுவானா?" என்று கேட்பார். 'விட மாட்டார்' என்று சொன்னால் கையெழுத்துப் போட வேண்டும். 'விடலாம்' என்று சொன்னால் அது அவருடைய தம்பியின் நாணயத்தின்மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு. இரண்டு பக்கமும் பள்ளம். என் மறுப்பு தம்பி கட்டுவாரா மாட்டாரா என்ற ஆரூடத்தின்மேல் நிற்கக் கூடாது. அவர் ஒழுங்காகக் கட்டினாலும் நான் ஐந்து ஆண்டுகள் தூக்கமில்லாமல் இருப்பேன் என்ற உண்மையின்மேல் நிற்க வேண்டும். அந்த உண்மையை எவரும் தீர்த்துவைக்க முடியாது. பொய் என்று காட்டவும் முடியாது.

அடுத்து, எந்தச் சொல்லால் சொல்வது என்று யோசித்தேன். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் மறுப்புச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை உண்டு. 'முடியாது' என்ற சொல்லைத் தனியாகப் போட்டால் அது கதவைச் சாத்துவதுபோல் ஒலிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதன் பொருள் 'இயலவில்லை' என்பதால், 'ஏன் இயலவில்லை, நான் இயலச் செய்கிறேன்' என்ற அழைப்பையும் அது விடுக்கிறது. 'மாட்டேன்' என்பது உண்மையானது, ஏனென்றால் அது என் முடிவைச் சொல்கிறது. ஆனால் பின்னால் ஒன்றுமில்லாமல் நின்றால் பிள்ளைகள் அடம்பிடிக்கும் 'மாட்டேன் போ' ஆகிவிடும். 'வேண்டாம்' என்றால் முடிவெடுக்கும் பொறுப்பை அவர்மேல் ஏற்றி, அவரையே கைவிடச் சொல்வதாகிறது. நான் 'போடலைங்க' என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் என் முடிவு இருக்கிறது, விறைப்பு இல்லை. எங்கள் பக்கத்து 'ங்க' ஒன்று சேர்ந்தால் எவ்வளவு கனமான சொல்லும் கையில் கொடுப்பதுபோல் மென்மையாக இறங்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். "உதவணும்னுதான் எனக்கும் ஆசை, ஆனா..." என்று தொடங்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். கேட்பவரின் காது அந்த 'ஆனா'வுக்காகவே காத்திருக்கும். அது வந்தவுடன், முன்னால் சொன்ன அன்பு முழுவதும் கசப்பு மருந்துக்கு முன் வைத்த சர்க்கரை ஆகிவிடும். அதனால் வரிசையை மாற்றினேன். மறுப்பை முதலில், ஒரே வாக்கியத்தில். அன்பை அதற்குப் பின்னால், அவசரமில்லாமல். மறுப்பு முடிந்த பிறகு வரும் அன்புக்கு வேறு வேலை எதுவும் இல்லாததால், அதை அவர் அப்படியே நம்ப முடியும்.

இடமும் நேரமும் முக்கியம். சமையலறையில் நின்றுகொண்டோ, அவர் கடைக்குக் கிளம்பும்போதோ, மகள் பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதோ சொல்லக் கூடாது என்று தீர்மானித்தேன். புதன்கிழமை காலையிலேயே, "இன்னைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஜாமீன் விஷயமா உங்ககிட்டப் பேசணுங்க, மாடிக்குப் போகலாம்" என்று சொல்லிவைத்தேன். என்ன பேசப் போகிறேன் என்பது அவருக்கு அப்போதே பாதி விளங்கியிருக்கும்; அந்தப் பகல் முழுவதும் அவருக்குக் கிடைத்தது நல்லதுதான். எதிர்பாராத நேரத்தில் வரும் மறுப்புதான் அறைபோல் விழுகிறது.

மொட்டைமாடியில் பாயை விரித்து உட்கார்ந்ததும் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, அந்த ஜாமீன்ல நான் கையெழுத்துப் போடலைங்க. தம்பி மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, நீங்க என்கிட்டக் கேட்டதும் தப்பில்லை. எங்க அப்பா அந்த நாலு வருஷம் பட்டதைப் பார்த்த பிறகு, இன்னொருத்தர் கடன்ல என் பேரு இருந்தா எனக்குத் தூக்கம் வராது. அன்னைக்கே இதைச் சொல்லாம 'பார்க்கலாம்'னு சொன்னதும், ஸ்கூல் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதும் என் தப்பு." பிறகு அந்தத் திண்ணையைப் பற்றியும் சங்கிலியைப் பற்றியும் முதல்முறையாக முழுவதும் சொன்னேன்.

இதில் நான் மன்னிப்புக் கேட்டது சொன்ன விதத்துக்காக மட்டுமே. மறுத்ததற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் நிலைமை மோசமாகிவிடும் என்பதை என் தோழிகள் வீட்டில் பார்த்திருக்கிறேன். 'மன்னிச்சுக்குங்க, என்னால முடியலை' என்று திரும்பத் திரும்பச் சொல்பவர், தாம் ஏதோ தவறு செய்வதாகவே ஒப்புக்கொள்கிறார். தவறு என்றால் திருத்திக்கொள் என்று எதிரில் இருப்பவர் எதிர்பார்ப்பது இயல்புதானே?

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தம்பிகிட்ட நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?" என்று கேட்டார். குரல் உயர்ந்திருந்தது. எனக்கும் நெஞ்சு படபடத்தது. அந்த நிலையில் வாயைத் திறந்தால் 'உங்க மூஞ்சிதான் உங்களுக்குப் பெருசு' என்பது போன்ற ஒன்று வந்திருக்கும். தம்பதிகளின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் ஆய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சண்டையின்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் மற்றவர் சொல்வது காதில் ஏறாது என்றும், உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிட இடைவெளி தேவை என்றும் சொல்கிறார். அன்று நான் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. ஆனால் "ஒரு அரைமணி நேரம் கீழே இருந்துட்டு வர்றேங்க, வந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவதுதான் இதில் முக்கியம். சொல்லாமல் எழுந்து போயிருந்தால் அது ஓய்வாக இருந்திருக்காது, முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே இருந்திருக்கும். அரைமணியில் இரண்டு டம்ளர் சுக்குக் காப்பியோடு திரும்பினேன்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு என்று தோன்றியது. மறுப்பு என்னுடையது, அதைத் தம்பியிடம் சுமந்துபோய்ச் சொல்லும் அவமானத்தை மட்டும் அவர்மேல் ஏற்றுவது நியாயமில்லை. "தம்பிகிட்ட நானே பேசறேன்" என்றேன். மறுநாள் நானே அழைத்து, மாடியில் சொன்னதையே சுருக்கமாகச் சொல்லி, "அண்ணன் கேட்டாருங்க தம்பி, போடலைன்னு சொன்னது நான்தான்" என்று முடித்தேன். அவர் "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அந்த வருத்தத்தைப் போக்குவது என் வேலை இல்லை என்று என்னை நானே தடுத்துக்கொண்டது, உள்ளபடியே, மறுப்பைச் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது.

முன்பண விஷயம் வேறு. மெஷின்காரர் 40,000-இல் 25,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார். அந்த 15,000 ரூபாயை என் சேமிப்பிலிருந்து தம்பிக்கு அனுப்பினேன். ஜாமீனை மறுத்ததற்கு ஈடாக அதைக் கொடுக்கவில்லை. 'பார்க்கலாம்' என்று நான் சொன்ன சொல்லை நம்பித்தான் அந்தப் பணம் போனது, ஆகவே அந்த நட்டம் என்னுடையது. கணவரிடமும் இதை இப்படியே பிரித்துச் சொன்னேன். அவர் முகம் சற்றுத் தளர்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கூடவே, குற்ற உணர்ச்சியில் என் மனம் ஒரு பொறியில் விழப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். கையெழுத்துத்தானே வேண்டாம், நகையை அடகு வைத்து ஐந்து லட்சம் கொடுத்துவிடலாமா என்று இரண்டு இரவுகள் யோசித்தேன். அது மறுப்பை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். கொடுத்த பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் வெறும் கழுத்தோடு நின்று அவர்மேல் எரிந்து விழுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் கொடுப்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். திரும்பி வராவிட்டாலும், யாரும் நன்றி சொல்லாவிட்டாலும், ஓராண்டு கழித்து நினைத்தால் கசக்காத ஒன்றை மட்டுமே மாற்றாகக் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது என்னிடம் இருந்தது கணக்குப் பதிவியல் அறிவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும். "திட்ட அறிக்கையை நான் தயார் பண்ணித் தர்றேன், ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம், மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை கூட வர்றேன்" என்று எண்ணிக்கையோடு சொன்னேன். எண்ணிக்கை சொல்லாத உதவி, மறுத்த விஷயத்துக்குள்ளேயே நம்மை மெல்ல இழுத்துக்கொண்டு போய்விடும்.

சிறு, குறு தொழில்களுக்கு மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமல் வங்கிகள் கடன் கொடுக்க, 2000-ஆம் ஆண்டிலிருந்து கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து அமைத்தது அது. ஒரு கட்டணத்தின் பேரில் உத்தரவாதத்தை அந்த அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது. தொழில் மையத்தில் அந்த வழியைக் காட்டினார்கள். பன்னிரண்டு மெஷினை ஏழாகக் குறைத்து, ஜெனரேட்டரைத் தள்ளிவைத்து, வேறொரு வங்கியில் தம்பி 9 லட்சத்துக்கு விண்ணப்பித்தார். நான்கு மாதம் இழுத்தது, ஆனால் கிடைத்தது.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இது அரைகுறையாகிவிடும். மாடிப் பேச்சுக்குப் பிறகு மூன்று நாள்கள் கணவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அந்த மூன்று நாள்களும்தான் உண்மையான சோதனை. நமக்குள் இரண்டு தூண்டுதல்கள் எழும். ஒன்று, அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் 'சரி, போட்டுத் தொலைக்கிறேன்' என்று இறங்கிவிடுவது. மற்றொன்று, 'அவ்வளவு திமிரா' என்று நாமும் விறைத்துக்கொண்டு, தட்டில் சோற்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவது. மறுத்தவர் கல்நெஞ்சக்காரர் என்று பெயர் வாங்குவது பெரும்பாலும் மறுத்த சொல்லால் அன்று. அதற்குப் பின்வரும் இந்த நாள்களில்தான். நான் செய்தது மிகச் சாதாரணமானது. வழக்கம்போல் காலையில் அவர் குளித்து வரும் நேரத்துக்குக் காப்பியை ஆற்றி வைத்தேன். இரவு கடையிலிருந்து வந்ததும் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். ஒற்றைச் சொல்லில் விடை வந்தாலும் அதைக் குத்திக் காட்டவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகவும் எதையும் செய்யவில்லை. திடீரென்று அவருக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் செய்திருந்தால் அது லஞ்சம்போல் ஆகியிருக்கும். அவருக்குக் கோபப்பட உரிமை உண்டு, எனக்கு என் முடிவில் நிற்க உரிமை உண்டு, இரண்டும் ஒரே வீட்டில் மூன்று நாள் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் மாமியார் அழைத்தார். "ஏன் அம்மிணி, கூடப் பொறந்தவனுக்கு ஒரு கையெழுத்துக் கூடப் போடக் கூடாதா?" என்றார். கோரிக்கை வேறொரு வாய் வழியாகத் திரும்பி வரும்போது, புதிய காரணம் தேடத் தொடங்கினால் பழைய பள்ளத்திலேயே விழுவோம். நான் அதே வாக்கியத்தை, அதே குரலில் சொன்னேன்: "இல்லைங்க அத்தை, நான் போடலை. அவர்கிட்டயும் தம்பிகிட்டயும் நானே சொல்லிட்டேன். உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியுது." அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன், ஒரு சொல்கூடக் கூட்டாமல். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை, "பாப்பா எப்படி இருக்கா?" என்று பேச்சு மாறியது. இரண்டாம் முறை சொல்லும்போது குரல் ஏறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இதில் நுட்பம். குரல் ஏறினால், இவளைத் தள்ளிப் பார்த்தால் அசைவாள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நான் சொல்வதெல்லாம், மறுப்பைக் கேட்டுக் கோபித்துக்கொண்டாலும் அதற்கு மேல் போகாத துணைவரைப் பற்றித்தான். 'மாட்டேன்' என்று சொன்னதற்காகக் கை ஓங்குவது, ஏடிஎம் அட்டையைப் பிடுங்கிக்கொள்வது, நகையைக் கேட்காமல் எடுத்து அடகு வைப்பது, கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது என்று போகும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறையும் வன்முறையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்கள் 181 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

இப்போது தம்பியின் யூனிட்டில் ஏழு மெஷின்கள் ஓடுகின்றன. தவணையை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவருகிறார். போன பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது மாமியார், "பார்த்தியா அம்மிணி, ஒழுங்காத்தானே கட்டறான்? நீ அன்னைக்குப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், கரும்பை வெட்டிக்கொண்டிருந்த என் கணவர் நிமிராமலேயே, "அவ தூங்கியிருக்க மாட்டாம்மா" என்றார்.